பாஸ்புக் பேசும் விலை

ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த ஒரு வலைப்பூவை விற்க முடிவெடுப்பவர் பெரும்பாலும் அதன் கட்டுரைகளைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார். எத்தனை பதிவுகள், எத்தனை பாராட்டுகள், எந்தப் பதிவு எங்கெல்லாம் பகிரப்பட்டது என்று சொல்லிக்கொண்டே போவார். வாங்க வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “போன பிப்ரவரியில உங்க பேங்க் அக்கவுண்ட்ல எவ்வளவு வந்துச்சு?”

சின்னத் தளங்களின் விற்பனை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இழுத்துக்கொள்கிறது. வருமானம் குறைவாக இருப்பது அவ்வளவு பெரிய தடை இல்லை. குறைந்த வருமானத்துக்குக் குறைந்த விலை, அவ்வளவுதான். ஆனால் விற்பவர் வாயால் சொன்ன தொகையும் விளம்பரக் கணக்கின் திரையில் தெரியும் தொகையும் வங்கியில் வரவான தொகையும் மூன்று விதமாக இருந்து, ஏன் அப்படி என்று அவரால் சொல்ல முடியாமல் போனால், வாங்குபவர் அந்த நிமிடமே பின்வாங்கிவிடுகிறார்.

புரிந்துகொள்ள வசதியாக ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். மாடித்தோட்டம் பற்றிய தமிழ்த் தளம். வேர்ட்பிரஸில் ஓடுகிறது, சொந்தமாக ஒரு ‘.com’ முகவரி உண்டு. கோயம்புத்தூரில் ஒரு பெண் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்களிலிருந்தும், மண்கலவை, நடவுப்பை, தெளிப்பான் போன்ற பொருட்களுக்கான அமேசான் இணைப்புகளிலிருந்தும் வருமானம் வருகிறது. ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது 2018 பிப்ரவரியில்தான். தமிழில் எழுதி விளம்பர வருமானம் பார்க்கும் இத்தகைய தளங்கள் பெருகியது அதற்குப் பிறகு. தளமும் அதன் எண்களும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அதில் வரும் சிக்கல்கள் சிறு தளங்களில் அன்றாடம் நடப்பவை.

முதலில் வருமானக் கணக்கு.

ஆட்சென்ஸ் திரையில் தினமும் தெரிவது மதிப்பீட்டுத் தொகை. மாதம் முடிந்ததும், செல்லாத கிளிக்குகளைக் கழித்து, இறுதித் தொகையைக் கூகுள் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை 100 டாலரைத் தொட்டிருந்தால் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்கும் 26-ஆம் தேதிக்கும் நடுவில் அனுப்பிவைக்கப்படும். தொடவில்லை என்றால் பணம் வராது, மீதியாகக் கணக்கிலேயே நிற்கும். நம்முடைய தளத்தில் ஜனவரி மாத மதிப்பீடு 96.40 டாலர், இறுதித் தொகை 94.10. நூறைத் தொடாததால் பிப்ரவரியில் வங்கிக்கு ஒரு பைசாகூட வரவில்லை. பிப்ரவரி மாதச் சம்பாத்தியம் 71.50. இரண்டும் சேர்ந்து 165.60 டாலராக மார்ச் கடைசியில் வந்தது. மார்ச்சில் 83.20. மறுபடி நூறுக்குக் கீழே. ஏப்ரல் மாத 88.90-ஐயும் சேர்த்து மே மாதக் கடைசியில் 172.10 டாலர்.

பாஸ்புக்கை மட்டும் புரட்டுபவருக்கு என்ன தெரியும்? பிப்ரவரியில் வரவு இல்லை, மார்ச்சில் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம், ஏப்ரலில் வரவு இல்லை, மே மாதம் மறுபடி ஒரு பெரிய தொகை. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் செத்துப் பிழைக்கும் தளம் போலத் தோன்றும். உண்மையில் அந்த நான்கு மாதமும் தளம் ஏறக்குறைய சீராகவே சம்பாதித்திருக்கிறது. இதை வாங்குபவர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று விட்டுவிடக் கூடாது. விற்பவர்தான் ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

அந்தத் தாள் எக்செல்லில் போட்ட ஒரு சாதாரண அட்டவணைதான். ஒவ்வொரு வரியும் ஒரு மாதம். முதலில் அந்த மாதம் சம்பாதித்த இறுதித் தொகை டாலரில். பிறகு அது எந்தத் தேதியில், வேறு எந்த மாதத்தோடு சேர்ந்து வங்கிக்கு வந்தது. கடைசியில் ரூபாயில் எவ்வளவு வரவானது. வெளிநாட்டிலிருந்து டாலராக வரும் பணத்தை வங்கி தன் விலைக்கு மாற்றி, கட்டணமும் பிடித்துக்கொள்ளும். அதனால் அன்றைய டாலர் விலையால் பெருக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். வெளிநாட்டு வரவுக்கு வங்கி தரும் அறிவிப்புச் சீட்டில் டாலர் தொகை, மாற்று விலை, பிடித்தம் மூன்றும் இருக்கும். அதை வாங்கி அந்தந்த வரியோடு கோத்துவைத்தால் வாங்குபவருக்கு எழும் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அமேசான் பக்கம் இன்னொரு சிக்கல். அங்கே ஒரு மாதத்துக் கமிஷன் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். வரிப் பிடித்தமும் உண்டு. ஆகஸ்டில் சம்பாதித்தது அக்டோபர் கடைசியில் வேறொரு தொகையாக வந்து நிற்கும். அதனால் அட்டவணையில் எப்போதும் சம்பாதித்த மாதமே முதன்மையாக இருக்க வேண்டும்; பணம் வந்த மாதம் பக்கத்துக் குறிப்பாக இருந்தால் போதும். சிலர் ஆட்சென்ஸுக்குச் சம்பாதித்த மாதத்தையும் அமேசானுக்குப் பணம் வந்த மாதத்தையும் போட்டுக் கலந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தாளில் எந்த மாதத்து லாபமும் உண்மையாக இருக்காது.

ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதத்தையும் இப்படி ஒழுங்காகப் போட்டால் நம் தளத்தின் கணக்கு இப்படி வருகிறது: ஆட்சென்ஸில் 1,260 டாலர், வங்கியில் விழுந்தது 1,03,200 ரூபாய். அமேசானில் 38,400 ரூபாய். மொத்தம் 1,41,600. செலவில் ஹோஸ்டிங் 7,200, முகவரிப் புதுப்பிப்பு 1,200, கட்டணப் பிளக்இன்கள் 4,800, வெளியே எழுதி வாங்கிய கட்டுரைகளுக்கு 18,000. ஆக 31,200 ரூபாய். மீதம் 1,10,400, மாதத்துக்குச் சராசரி 9,200 ரூபாய்.

விலை பேசுவது இந்தச் சராசரியை வைத்துத்தான். சின்ன உள்ளடக்கத் தளங்களுக்கு மாத லாபத்தைப் போல 24 முதல் 36 மடங்கு என்று பேரம் நடப்பது வழக்கம். மெல்பர்னில் 2009-இல் தொடங்கப்பட்ட ஃபிளிப்பா போன்ற இணையச் சந்தைகளிலும் மாத லாபத்தின் மடங்காகக் கணக்குப் பார்ப்பது சாதாரணம். 24 மடங்கு என்றால் நம் தளம் 2,20,800 ரூபாய். 30 என்றால் 2,76,000. 36 என்றால் 3,31,200. மாதச் சராசரியில் ஆயிரம் ரூபாய் கூடினாலோ குறைந்தாலோ விலையில் இருபத்து நாலாயிரம் முதல் முப்பத்தாறாயிரம் வரை வித்தியாசம் வந்துவிடும். கணக்குத் தாளில் ஒரு வரியை அசட்டையாகப் போடுவதன் விலை அதுதான்.

இங்கே ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். மாடித்தோட்டத் தளத்துக்கு ஆடிப்பட்டம்தான் அறுவடைக் காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை விதை, மண்கலவை, நாற்று என்று தேடி வருகிறவர்கள் கூடுகிறார்கள். அந்த மூன்று மாதச் சராசரி லாபம் 13,500 ரூபாய். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அது வெறும் 6,000. செப்டம்பர் முடிந்த சூட்டோடு விற்க வந்து, ‘கடைசி மூன்று மாதச் சராசரி’ என்று போட்டால் 30 மடங்குக்கு நாலு லட்சத்துக்கு மேல் கேட்கலாம். தளம் வாங்கிப் பழகியவர்கள் இதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள். புதிதாக வாங்குபவர் ஏமாறக்கூடும். பிப்ரவரியில் விழித்துக்கொண்டு ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். பன்னிரண்டு மாதத்தையும் கொடுத்து, முடிந்தால் அதற்கு முந்தைய வருடத்தையும் கொடுத்து, ‘இது பருவத்தைச் சார்ந்த தளம்’ என்று விற்பவரே எழுதிவிடுவதுதான் முறை. விளைச்சல் மாதங்கள் எவை என்று தெரிந்தால் வாங்குபவரும் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

செலவுப் பக்கத்தில் விடுபட்டுப்போவது விற்பவரின் சொந்த உழைப்பு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் எழுதுகிறார், பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்கிறார். அதற்கு அவர் சம்பளம் எடுப்பதில்லை. வாங்குபவர் அந்த வேலையை ஆள் வைத்துச் செய்தால் 9,200 ரூபாய் லாபத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். அந்த ஆறு மணி நேரத்தில் என்னென்ன வேலை நடக்கிறது என்று ஒரு பத்தி எழுதிவைத்தால் போதும். அதேபோல, அந்த வருடம் ஒரே ஒரு முறை வாங்கிய கேமராவை மாதச் செலவில் கலக்காமல் தனியாகக் காட்டலாம். அது வருடா வருடம் வரும் செலவு இல்லை.

வருமானத்தை அடுத்து வாசகர் வரத்து. இங்கே விற்பவர்கள் செய்யும் முதல் தவறு, கூகுள் அனலிட்டிக்ஸின் வரைபடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து அதில் உள்ள எண்ணை மாற்றிப் படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். அதனால் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அனலிட்டிக்ஸில் வாங்குபவரின் மின்னஞ்சலுக்கு ‘Viewer’ அனுமதி கொடுத்துவிட்டால் அவர் தானே உள்ளே வந்து பார்த்துக்கொள்வார். எதையும் மாற்ற அவரால் முடியாது. ஆட்சென்ஸ் போன்ற பணம் சார்ந்த கணக்குகளுக்கு அனுமதி கொடுக்காமல், வீடியோ அழைப்பில் திரையைப் பகிரலாம். பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டி, வாங்குபவர் சொல்லும் தேதிகளை அவர் கண்ணெதிரே தேர்ந்தெடுத்தால், அது நம்பத்தக்க சாட்சி.

பழைய தரவு கையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1-இல் தரவு சேகரிப்பதை நிறுத்திக்கொண்டது. ஓராண்டு கழித்து, 2024 ஜூலையில், அதில் இருந்த தரவைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. அதற்கு முன் இறக்கி வைக்காதவர்களின் பல வருட வரலாறு அதோடு போயிற்று. இப்போதைய பதிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. விரிவான ஆய்வுக்கான தரவு, அமைப்பை மாற்றாமல் விட்டால், இரண்டு மாதம் மட்டுமே வைத்திருக்கப்படும். ‘Data retention’ என்ற இடத்தில் போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும். மாற்றிய நாளிலிருந்துதான் அது பயன் தரும். ஏற்கெனவே அழிந்தது திரும்பி வராது. விற்பதைப் பற்றி லேசாக யோசிக்கும் நாளிலேயே இதைச் செய்துவிட வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கிச் சேமிக்கும் பழக்கம் இருந்தால் இரண்டு வருடக் கதையைச் சொல்ல முடியும்.

இரண்டு வருடம் ஏன் தேவை? 2023 செப்டம்பரில் கூகுள் தேடலில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. உலகெங்கும் சிறு தளம் நடத்திய பலர் தங்கள் வாசகர் வரத்து சரிந்துபோனதை வெளிப்படையாக எழுதினார்கள். அந்தத் தேதியைத் தாண்டி ஒரு தளம் எப்படி நடந்திருக்கிறது, அதற்குப் பின் வந்த மாற்றங்களில் ஏறியதா இறங்கியதா என்று பார்க்காமல் இன்று யாரும் பணம் போடத் துணிவதில்லை.

அனலிட்டிக்ஸும் சர்ச் கன்சோலும் ஒருபோதும் ஒரே எண்ணைக் காட்டாது. இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஒன்று தேடல் பக்கத்தில் விழுந்த கிளிக்கை எண்ணுகிறது, மற்றொன்று தளத்துக்குள் வந்து நின்ற வருகையை எண்ணுகிறது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் இரண்டாவதில் விடுபட்டுப்போவார்கள். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அனலிட்டிக்ஸ் எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்காகி, சர்ச் கன்சோல் அசையாமல் நின்றால் காரணம் தேட வேண்டும். நம் தளத்தில் ஒரு நவம்பரில் அப்படி ஆனது. தீபாவளிக்கு வாசகர் கூடிவிட்டார்கள் என்று அவர் மகிழ்ந்திருக்கலாம். உண்மையில் புதிதாகப் போட்ட ஒரு பிளக்இன் அனலிட்டிக்ஸ் குறியீட்டை இரண்டாவது முறையாகப் பக்கத்தில் சேர்த்திருந்தது. ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால் இரண்டாகப் பதிவானது. ஒரு வருகைக்கு இத்தனை பக்கம் என்ற விகிதம் ஒரே நாளில் இரட்டிப்பானதும், ஆட்சென்ஸ் கணக்கில் உள்ள பக்கப் பார்வைகள் பழையபடியே இருந்ததும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.

இதை மறைக்கத் தேவையில்லை. வரைபடத்தோடு ஒரு பக்கக் குறிப்பு சேர்க்க வேண்டும். ‘நவம்பர் 4 முதல் 19 வரை இரட்டை எண்ணிக்கை, அந்த நாட்களைப் பாதியாகக் கொள்ளவும்.’ ‘மே மாதம் தீம் மாற்றியபோது 11 நாட்கள் எண்ணிக்கையே பதிவாகவில்லை.’ ‘ஜூலை 17-இல் ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது, நான்கு நாளில் அடங்கியது.’ ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி. காரணம் தெரியாத மேடு இருந்தால் ‘தெரியவில்லை’ என்றே எழுதலாம். நொடிக்கணக்கில்கூட நிற்காமல், சம்பந்தமில்லாத நாட்டிலிருந்து, நேரடி வருகையாகக் கூட்டமாக வந்த எண்ணிக்கை என்றால் அது இயந்திர வரத்து. அதைக் கழித்துவிட்டுக் கணக்குக் காட்டினால் மற்ற எண்களுக்கு நம்பகம் கூடும்.

வரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் தளத்தின் பார்வைகளில் 22 சதவீதம், வீட்டிலேயே பஞ்சகவ்யம் தயாரிப்பது பற்றிய ஒரே கட்டுரைக்கு வருகிறது. அந்த ஒரு பக்கம் தேடலில் ஐந்து இடம் கீழே போனால் மாத வருமானம் ஆட்டம் காணும். வாங்குபவர் அதைத் தானே கண்டுபிடித்தால் ‘சொல்லாமல் விட்டார்’ என்றாகிவிடும். முதல் பத்துப் பக்கங்களின் பட்டியலைக் கேட்காமலேயே கொடுத்துவிடுவது நல்லது.

எண்கள் சரியாகி விலையும் பேசி முடிந்தபின் வருவது கைமாற்றம். வீட்டை விற்றால் சாவிக்கொத்தை அப்படியே கொடுத்துவிடலாம். தளத்தில் அப்படி முடியாது. சில சாவிகள் சட்டப்படி ஆளோடு ஒட்டியவை. ஆட்சென்ஸ் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அமேசான் கூட்டாளர் கணக்கும் அப்படியே கைமாற்றக்கூடியது இல்லை. விற்பவரின் சொந்த ஜிமெயிலை யாரும் கொடுக்க முடியாது. எனவே ‘ஆட்சென்ஸ் அப்ரூவல் உள்ள தளம்’ என்று விளம்பரம் செய்து விற்பது பாதி உண்மை. வாங்குபவர் தன் சொந்த ஆட்சென்ஸ் கணக்கில் இந்தத் தளத்தைச் சேர்த்து, கூகுளின் பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். அது சில நாளிலும் முடியலாம், இரண்டு மூன்று வாரமும் இழுக்கலாம். அந்த இடைவெளியில் விளம்பர வருமானம் இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, யார் தாங்குவது என்று முடிவு செய்துகொண்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

எல்லாச் சாவிகளிலும் முதன்மையானது டொமைன், அதாவது தளத்தின் முகவரி. அதைப் பதிவு செய்தது யார் கணக்கில் என்று பார்த்தால் பல விற்பனைகள் அங்கேயே தடைபடும். ஆறு வருடத்துக்கு முன் தளத்தைக் கட்டிக்கொடுத்த பையன் தன் கணக்கிலேயே பதிவு செய்திருப்பான். இவர் வருடா வருடம் அவனுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பார். இப்போது அவன் வேறு ஊரில், வேறு எண்ணில். விற்க நினைத்த உடனே செய்ய வேண்டிய வேலை, டொமைன் தன் பெயரில், தன் கணக்கில், இன்று திறக்கும் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது. அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். முகவரி கைமாறியதும் அந்த அஞ்சல்பெட்டியும் கூடவே போய்விடும். உறுதிப்படுத்தும் கடிதம் வந்து சேர இடம் இருக்காது.

மாற்றும் வரிசையும் முக்கியம். ‘.com’ போன்ற முகவரிகளுக்கு ஐகான் அமைப்பின் விதி ஒன்று உண்டு. உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால், சில நிறுவனங்கள் தரும் விலக்கை முன்கூட்டியே பெறாவிட்டால், அடுத்த 60 நாட்களுக்கு அந்த டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. நல்லெண்ணத்தில் முதலில் பெயரை மாற்றிவிட்டு, பிறகு வாங்குபவரின் நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று போனவர்கள் இரண்டு மாதம் பூட்டிய கதவுக்கு முன் நிற்கிறார்கள். இருவரும் ஒரே பதிவு நிறுவனத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது எளிது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வேறு நிறுவனம்தான் வேண்டும் என்றால் முதலில் ரகசியக் குறியீட்டைக் கொடுத்து இடம் மாற்றிவிட்டு, அங்கே போனபின் பெயரை மாற்ற வேண்டும். டொமைன் காலாவதியாக இரண்டு மாதமே இருந்தால், பேச்சுவார்த்தைக்கு முன்பே ஒரு வருடம் புதுப்பித்துவிடுவது நிம்மதி.

நம் மாடித்தோட்டக்காரரின் கைமாற்றத் திட்டம் ஒரே பக்கம். பணம் மூன்று தவணை: ஒப்பந்தத்தன்று 20 சதவீதம், டொமைன் வாங்குபவர் கணக்கில் ஏறியதும் 60, பதினைந்து நாள் சரிபார்ப்புக்குப் பின் மீதி 20. பெரிய தொகையோ முன்பின் தெரியாத ஆளோ என்றால், பணத்தை மூன்றாம் தரப்பில் வைத்துவிட்டு, பொருள் சரியாக வந்து சேர்ந்ததை வாங்குபவர் ஒப்புக்கொண்டபின் விடுவிக்கும் எஸ்க்ரோ சேவைகள் இருக்கின்றன. அதன் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 1, நள்ளிரவு 12 மணி: அதற்கு முன் சம்பாதித்தது விற்பவருக்கு, பின் சம்பாதித்தது வாங்குபவருக்கு. வருமானம் இரண்டு மாதம் தாமதமாக வரும் தொழிலில் இந்தக் கோட்டைத் தேதி போட்டு வரையாவிட்டால் மே மாதம் சண்டை நிச்சயம்.

மார்ச் 28-இலிருந்து புதுப் பதிவு, பின்னூட்டம் எல்லாம் நிறுத்தம். இல்லையென்றால் நகல் எடுத்தபின் வந்த பின்னூட்டங்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். மார்ச் 29-இல் டொமைனின் முகவரிப் பதிவு எவ்வளவு நேரம் நினைவில் வைக்கப்படும் என்ற அளவை 300 நொடியாகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் சர்வர் மாறியது எல்லாருக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். மார்ச் 30-இல் முழு நகல், அதாவது படங்களும் தீமும் உள்ள கோப்புறையும் தரவுத்தளமும். அதை வாங்குபவரின் சர்வரில் ஏற்றி, பத்துப் பக்கங்களையாவது திறந்து பார்த்தபின்தான் டொமைனைத் தொட வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கையில் இருப்பதாக நம்பக் கூடாது.

அமேசான் இணைப்புகளில் விற்பவரின் அடையாளக் குறி பதிந்திருக்கும். அதை வாங்குபவரின் குறியாக மாற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான பதிவுகளில் கையால் மாற்ற முடியாது. சர்வரின் கட்டளைத் திரையில் இரண்டு வரி:

```
wp db export maatrathukku-mun.sql
wp search-replace 'pazhaiya-21' 'puthiya-21' --dry-run
```

முதல் வரி தரவுத்தளத்தை நகல் எடுக்கிறது. இரண்டாவது எத்தனை இடத்தில் மாறும் என்று எண்ணிக் காட்டுகிறது. கடைசியில் உள்ள `--dry-run` இருக்கும்வரை எதையும் தொடாது. எண்ணிக்கை சரியாகப் பட்டால் அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். ஆனால் இது `amzn.to` என்று தொடங்கும் சுருக்க இணைப்புகளைப் பிடிக்காது. அவற்றில் குறி வெளியே தெரிவதில்லை, உள்ளே விற்பவருக்கே போகும். அவற்றைத் தனியாகத் தேடி ஒவ்வொன்றாக மாற்றாவிட்டால் வாங்கியவரின் வருமானத்தில் ஒரு பகுதி சத்தமில்லாமல் பழைய கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆட்சென்ஸ் பக்கத்தில் இப்படி மறந்துபோவது, தளத்தின் அடியில் கிடக்கும் `ads.txt` என்ற சின்னக் கோப்பு. அதில் இந்த வடிவில் ஒரு வரி இருக்கும்:

```
google.com, pub-0000000000000000, DIRECT, f08c47fec0942fa0
```

நடுவில் உள்ள எண் விளம்பரக் கணக்கின் எண். விளம்பரக் குறியீட்டை மாற்றிவிட்டு இங்கே பழைய எண்ணையே விட்டுவிட்டால், இந்த இடத்தை விற்க அனுமதி பெற்றவர் வேறொருவர் என்று விளம்பரம் வாங்குபவர்களுக்குத் தெரியும். புதிய உரிமையாளரின் வருமானம் அடிபடும். ஆட்சென்ஸ் திரையிலும் அதற்கு எச்சரிக்கை வரும்.

அனலிட்டிக்ஸைக் கைமாற்றுவது சுலபம். வாங்குபவரை ‘Administrator’ ஆக்கி, அவர் உள்ளே வந்தபின் விற்பவர் வெளியேறலாம். பழைய தரவு அப்படியே இருக்கும். சர்ச் கன்சோலில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. உரிமையை நிரூபிக்க விற்பவர் முன்பு போட்டுவைத்த கோப்போ, டொமைன் பதிவில் சேர்த்த வரியோ இருக்கும்வரை அவரால் மறுபடி உரிமையாளராக நுழைய முடியும். அதையும் அழித்தால்தான் கதவு முழுதாக மூடும்.

தமிழ்த் தளங்களில் அநேகமாக யாரும் நினைத்துப் பார்க்காத சாவி ஒன்று இருக்கிறது: எழுதியவர்களின் உரிமை. நம் தளத்தில் 40 கட்டுரைகளை வெளியாட்கள் எழுதினார்கள். கட்டுரைக்கு இவ்வளவு என்று கூகுள் பேயில் பணம் போயிற்று. பணம் கொடுத்ததால் கட்டுரை தன்னுடையதாகிவிட்டது என்று தளக்காரர் நினைக்கிறார். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அல்லாத ஒருவர் எழுதிய கட்டுரைக்கு முதல் உரிமையாளர் அதை எழுதியவர்தான். உரிமை கைமாற வேண்டுமானால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் படிக்கப்படும் தமிழ்த் தளத்துக்கு ‘உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்ற ஒரு வரி எவ்வளவு தேவை என்பது இதிலிருந்து புரியும். விற்பதற்கு முன் அந்த எழுத்தாளர்களைத் தேடிப்பிடித்து ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கிடைக்காதவர்களின் கட்டுரைகளைப் பட்டியலிட்டு வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். எழுதியவர்களுக்கும் இது ஒரு மரியாதை. தங்கள் எழுத்து யார் கைக்குப் போகிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

வாங்கிய தீமும் பிளக்இன்களும் பல நேரம் வாங்கியவர் பெயரிலான உரிமத்தில் இருக்கும். எவை கைமாறும், எவற்றை வாங்குபவர் புதிதாக வாங்க வேண்டும் என்று இரண்டு பட்டியல் போதும். ஃபேஸ்புக் பக்கத்தில் வாங்குபவருக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டு விலக வேண்டும். செய்திமடலுக்குப் பதிவு செய்தவர்களின் பட்டியல் கைமாறினால், தளம் வேறொருவரிடம் போகிறது என்று அவர்களுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். விலகும் வழியும் அதில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் விற்பவரின் ஆட்சென்ஸ் கணக்கில் மார்ச் மாத மீதி 46 டாலர் நிற்கிறது. தளம் போய்விட்டது, இனி அது நூறை எட்டப்போவதில்லை. வேறு தளம் இருந்தால் அதன் வருமானத்தோடு சேர்ந்து ஒருநாள் வரும். இல்லையென்றால் கணக்கையே மூடும்படி கேட்கலாம். மீதி 10 டாலருக்கு மேல் இருந்தால் கூகுள் அதைத் தீர்த்து அனுப்பிவிடும். ஆனால் கைமாற்றிய மறுநாளே மூடிவிடக் கூடாது. அமேசானின் மார்ச் மாதக் கமிஷன் வந்து, அட்டவணையின் கடைசி வரி வங்கி வரவோடு ஒத்துப்போனபின், வாங்கியவர் பழைய கணக்கில் இன்னும் எதையும் பார்க்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தபின் மூடலாம். நம் கணக்கில் அது மே மாதக் கடைசி வாரம்.